லீவு தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டால்: பேர் கெடாமல் திருத்துவது எப்படி

"தை ஆறு நம்ம வீட்டுப் படைப்பு. வந்துரு." அப்பத்தா அனுப்பிய குரல் பதிவில் இருந்தது இவ்வளவுதான். பங்காளிகள் எல்லோரும் ஊர் வீட்டில் கூடி முன்னோருக்குப் படைக்கிற நாள். வராமல் இருந்தால் அடுத்த வருடம் வரை பேச்சு கேட்க வேண்டும். நான் மனக்கணக்குப் போட்டேன். பொங்கல் 14, அப்படியென்றால் தை ஆறு ஜனவரி 19. அன்றைக்கே ஆபீஸ் குரூப்பில் இப்படி எழுதிப் போட்டேன்:

"வணக்கம். வீட்டில் படைப்பு இருப்பதால் ஜனவரி 19 திங்கள் ஒருநாள் லீவு. செவ்வாய் வந்துவிடுவேன்."

கூடவே, கணக்கு அனுப்ப வேண்டியிருந்த இரண்டு பார்ட்டிக்குத் தனித்தனியாக, "திங்கள் நான் இருக்க மாட்டேன், 20 காலை அனுப்பினால் போதும்" என்றும் சொல்லிவிட்டேன்.

2025-ல் தை முதல் நாள் ஜனவரி 14. 2026-ல் அது ஜனவரி 15, வியாழக்கிழமை. நான் போட்டது போன வருடத்துக் கணக்கு. படைப்பு 20-ம் தேதி செவ்வாய்க்கிழமை. காரைக்குடியில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற ஆபீஸில் வேலை செய்கிறவனுக்கு 20 என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற வரிக் கணக்குக்குக் கடைசி நாள் அதுதான்.

இந்த ஒரு தப்பை வைத்தே முழு வழியையும் சொல்கிறேன். உங்கள் வேலை வேறாக இருக்கலாம், ஆனால் திருத்துகிற வரிசை மாறாது.

முதலில்: தப்பு எங்கே பிறந்தது என்று பாருங்கள்

எனக்குத் தப்பு தெரிந்தது 18-ம் தேதி ஞாயிறு சாயங்காலம். "நாளைக்குக் காலையிலேயே கிளம்பி வந்துர்றேன் அப்பத்தா" என்று போனில் சொன்னேன்.

"நாளைக்கு எதுக்குடா வர்ற? படைப்பு செவ்வாக்கெழமயில்ல?"

அந்த நொடியில் கை தானாக வாட்ஸப்பைத் திறக்கும். திறக்காதீர்கள். முதலில் சரியான தேதியை இரண்டு இடத்தில் உறுதி செய்யுங்கள். நான் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தேன். ஜனவரி 20 தாளில் தை 6, செவ்வாய் என்று இருந்தது. அப்பத்தா சொன்ன கிழமையோடு ஒத்துப்போனது. இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவசரத்தில் இன்னொரு தப்புத் தேதியை அனுப்பிவிட்டால் மூன்றாவது செய்தி போட வேண்டி வரும், அதற்கப்புறம் உங்கள் தேதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேதியோடு கிழமையையும் எழுதினால் தப்பு வராது என்பார்கள். நானும் எழுதித்தான் இருந்தேன். "ஜனவரி 19 திங்கள்" என்பதில் தேதியும் கிழமையும் பொருந்தியே இருந்தன, ஏனென்றால் கிழமையை நான் தப்பான தேதியிலிருந்துதான் எடுத்தேன். 19-க்குப் பதில் 18 என்று விரல் தவறி அடித்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். மூலத்திலேயே தப்பு என்றால் காட்டிக்கொடுக்காது. மூலத்தைக் கேட்டால்தான் தெரியும். "தை ஆறு என்ன கிழமை அப்பத்தா?" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

தமிழ்த் தேதி ஒரு காரணம். இன்னும் சில இடங்களில் அடிக்கடி சறுக்கும். "அடுத்த வெள்ளி" என்றால் இந்த வார வெள்ளியா, வருகிற வாரமா என்று ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். "20 வரை லீவு" என்றால் 20 அன்றைக்கு வருவீர்களா மாட்டீர்களா? விடிகாலை மூன்றரை மணி முகூர்த்தத்தை "19 ராத்திரி" என்று சொல்வது நம் வழக்கம், காலண்டர்படி அது 20. "நாளைக்கு வர மாட்டேன்" என்று இரவு 11 மணிக்குப் போட்டதை எதிராளி மறுநாள் காலை படித்தால் உங்கள் நாளைக்கும் அவர் நாளைக்கும் ஒரு நாள் இடைவெளி. உங்கள் தப்பு இதில் எந்த ரகம் என்று தெரிந்தால், அதே தப்பு வேறு எங்கெல்லாம் ஒட்டியிருக்கும் என்றும் தெரியும்.

இரண்டாவது: அந்தத் தேதியை நம்பி யார் என்ன செய்துவிட்டார்கள்?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். செய்தி யாருக்கெல்லாம் போனது என்று எழுதினால் போதாது, அதைப் படித்துவிட்டு அவர்கள் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். என் தாளில் இப்படி வந்தது.

சார்: லீவு கொடுத்தது 19-க்கு. 20-க்கு யாரும் கொடுக்கவில்லை.

பக்கத்து நாற்காலி அண்ணன்: திங்கள் என் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்றார். செவ்வாய் அவர் தன் வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் கிளம்புவதாக இருந்தார்.

ஆத்தங்குடி டைல்ஸ் பார்ட்டியும் தேவகோட்டை ஹார்டுவேர் கடைக்காரரும்: 20 காலை கணக்கு அனுப்பினால் போதும் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

மெயிலின் தானியங்கி பதில்: 19-ம் தேதி மட்டும் ஓடும்படி வைத்திருந்தேன்.

வருகைப் பதிவு: 19-க்கு விடுப்பு விண்ணப்பம் கொடுத்து ஒப்புதலும் ஆகிவிட்டது.

இந்தப் பட்டியலில் உண்மையில் ஆபத்தான வரி எது என்று பாருங்கள். என் லீவு தேதி அல்ல. "20 காலை அனுப்பினால் போதும்" என்ற துணை வரிதான். 20 அன்று அவர்கள் பில் விவரத்தை அனுப்பும்போது நான் ஊரில் படைப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். 3பி தாமதமானால் வரி கட்ட வேண்டியவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. தொகை பெரிதில்லைதான். ஆனால் அதைக் கட்டுகிறவர் நானில்லை, அவர். அங்கேதான் பேர் கெடும்.

லீவுச் செய்தியில் தேதி தப்பானால், அந்தத் தேதியிலிருந்து கிளைத்த எல்லாச் சொல்லும் தப்பு. தேதியை மட்டும் திருத்தி, கிளையை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு.

மூன்றாவது: யாரிடம் முதலில் சொல்வது

குரூப்பில் ஒரே செய்தியாகப் போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மற்றவர்களுக்கு உங்கள் திருத்தம் ஒரு தகவல். லீவு கொடுக்கிறவருக்கு அது புது விண்ணப்பம். 19-க்கு வாங்கிய அனுமதி தானாக 20-க்கு நகராது. அதுவும் 20 எங்கள் ஆபீஸில் யாருக்கும் சுலபத்தில் லீவு கிடைக்காத நாள். பார்ட்டியிடம் முதலில் சொல்லி, பிறகு சார் மறுத்துவிட்டால், அவர்களுக்கு மூன்றாவது தேதி சொல்ல வேண்டி வரும். அதனால் முதல் ஆள் சார். எழுத்தில் இல்லை, போனில்.

கூப்பிடுவதற்கு முன்னால் கையில் தீர்வு இருக்க வேண்டும். என் பொறுப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் கணக்கு கையில் வந்துவிட்டது. வாங்கிய சரக்குக்குக் கொடுத்த உள்வரியைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் 14-ம் தேதியே வந்துவிடும், அதனால் அதை ஒப்பிடுவதற்கும் தடை இல்லை. இரண்டு பேர் மட்டும் பாக்கி. இதைத் தாளில் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"சார், ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன், மன்னிச்சுக்கங்க. லீவு தேதியைத் தப்பாச் சொல்லிட்டேன். தமிழ்த் தேதியைப் போன வருஷக் கணக்குல பாத்துட்டேன். திங்கள் இல்லை சார், செவ்வாய், 20."

"20-ஆ? அன்னைக்கு 3பி கடைசிப்பா."

"ஆமா சார். அதான் நாளைக்கு முழு நாளும் வர்றேன். அஞ்சுல மூணை நாளைக்கே போட்டு முடிச்சிடுறேன். ரெண்டு பேருக்கு நான் 20 காலைன்னு சொல்லியிருந்தேன், அதை நாளைக்குச் சாயங்காலம் 4 மணின்னு மாத்தலாமா? அவங்க அனுப்பிட்டா நாளைக்கு ராத்திரிக்குள்ள அதையும் தயார் பண்ணிடுவேன். தாக்கல் மட்டும் மிஞ்சினா அண்ணன் செவ்வாய் காலையில பண்ணலாம். முடியாதுன்னா சொல்லுங்க சார், நான் படைப்புக்கு விடியக்காலை போய்ட்டு மதியம் திரும்பிடுறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி போ. ஆனா செவ்வாய் மத்தியானம் வரைக்கும் போன எடு" என்றார்.

அந்த உரையாடலில் மன்னிப்பு ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்ததற்காக. காரணம் ஒரு வரி, அது உண்மையான வரி. "சின்ன டைப்பிங் மிஸ்டேக் சார்" என்று சொல்லியிருக்கலாம், நம்பியும் இருப்பார். ஆனால் நான் அதே தப்புத் தேதியைப் பார்ட்டியிடமும் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், விண்ணப்பத்திலும் எழுதியிருக்கிறேன். நாலு இடத்தில் ஒரே மாதிரி விரல் தவறாது. அந்தப் பொய் அரை மணி நேரம்கூடத் தாங்காது. மற்றபடி பேச்சு முழுக்க வேலையைப் பற்றித்தான். மறுத்தால் என்ன செய்வேன் என்பதையும் நானே சொன்னதால், "சரி" என்று சொல்வது அவருக்குச் சுலபமாயிற்று.

நான்காவது: எழுத்துச் செய்தி

சார் சரி சொன்ன பிறகுதான் எழுதுவது. அண்ணனுக்கு:

"அண்ணே, நான் சொன்ன லீவு தேதி தப்பு. 19 திங்கள் இல்லை, 20 செவ்வாய். சாரிடம் பேசிவிட்டேன். நாளை திங்கள் நான் வருகிறேன், என் வேலையை நீங்கள் பார்க்க வேண்டாம். செவ்வாய் காலை இரண்டு பார்ட்டியின் தாக்கல் உங்கள் கைக்கு வரலாம். எது என்று நாளைச் சாயங்காலம் சொல்கிறேன். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் இப்போதே சொல்லுங்கள், வேறு வழி பார்க்கிறேன்."

தேதி நகர்ந்தால் இரண்டு நாள் மாறுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். 20 அன்று நான் இல்லை என்று சொல்கிறவர்கள், 19 அன்று நான் இருக்கிறேன் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அண்ணன் திங்களன்று என் வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நானும் அதே வேலையைத் தொடங்கியிருப்பேன். விடுவிக்கப்பட்ட நாளையும் எழுதுங்கள்.

கடைசி வரியில் அவருடைய சீக்கிரம் கிளம்பும் திட்டத்தை நானாகவே எடுத்துச் சொன்னதற்கும் காரணம் உண்டு. என் தப்பால் கெடுவது அவர் திட்டம். அவராக வாய் திறந்து கேட்கும்படி வைக்கக் கூடாது.

பார்ட்டிக்கு எழுதுவது வேறு மாதிரி. அவர்களுக்கு என் படைப்பும் தேவையில்லை, தை மாதக் கணக்கும் தேவையில்லை:

"ஐயா வணக்கம். கணக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு திருத்தம். 20 காலை என்று முன்பு சொன்னது தப்பு, அதை விட்டுவிடுங்கள். டிசம்பர் பில் விவரங்களை நாளை 19 திங்கள் மாலை 4 மணிக்குள் அனுப்புங்கள். நாளை முழுவதும் நான் ஆபீஸில் இருக்கிறேன். 20 செவ்வாய் நான் லீவு, அன்று தாக்கல் செய்ய நேர்ந்தால் ஆபீஸிலிருந்து வேறொருவர் பேசுவார், ஓடிபி உங்கள் போனுக்கு வரும். நேரத்தை மாற்றியதற்கு மன்னிக்கவும்."

பழைய சொல்லைத் திரும்ப எழுதி, "அதை விட்டுவிடுங்கள்" என்று வெட்டியிருப்பதைப் பாருங்கள். "நாளை மாலைக்குள் அனுப்புங்கள்" என்று மட்டும் போட்டால், இது கூடுதல் வேண்டுகோள் போலிருக்கும், பழைய 20 காலையும் உயிரோடு இருப்பதாக நினைப்பார்கள். பழையதும் புதியதும் ஒரே செய்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எது செல்லாது என்று தெரியும். ஓடிபி விஷயம் சின்னதுதான், ஆனால் தெரியாத குரலில் ஒருவர் போன் செய்து ஓடிபி கேட்டால் யாராக இருந்தாலும் கொடுக்கத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அந்தத் தயக்கம் இருக்காது.

ஹார்டுவேர் கடைக்காரர் உடனே கட்டைவிரலைப் போட்டார். டைல்ஸ் பார்ட்டியிடமிருந்து சத்தமே இல்லை, நீல டிக் மட்டும். நீல டிக் வந்தால் படித்தார் என்றுதான் அர்த்தம், ஒத்துக்கொண்டார் என்று இல்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன். "அப்படியா, நான் செவ்வாய்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்?" என்றார். அவர் கடைப்பையன்தான் போனைப் பார்த்திருக்கிறான். நேரம் முன்னால் வருகிற திருத்தத்துக்குப் பதில் வரும் வரை அது சேர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள். நேரம் தள்ளிப்போகிற திருத்தம் சேரவில்லை என்றாலும் அவ்வளவு கெடுதல் இல்லை.

குரூப் கடைசி. அங்கே மூன்று வரி போதும்: "திருத்தம்: என் லீவு ஜனவரி 19 திங்கள் அல்ல, ஜனவரி 20 செவ்வாய் ஒருநாள். 19 வேலைக்கு வருகிறேன். 21 புதன் வழக்கம்போல." திரும்பி வரும் நாளை எழுதியதால் "வரை" என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

பழைய செய்தியை என்ன செய்வது

வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எல்லோருக்கும் அழிக்கிற வசதி கிட்டத்தட்ட இரண்டு நாள் வரை இருக்கும். நான் அனுப்பி நாலு நாள் ஆகியிருந்ததால் இரண்டுமே கைவிட்டுப் போயிருந்தன. அதுவும் நல்லதுக்குத்தான் என்பேன்.

15 நிமிடத்துக்குள் யாரும் படிக்கவில்லை என்றால் தாராளமாகத் திருத்துங்கள். ஒருவராவது படித்துவிட்டால், திருத்தியதோடு புதுச் செய்தியும் போடுங்கள். திருத்தினால் செய்திக்குக் கீழே `Edited` என்று சின்னதாக வரும், ஆனால் படித்து முடித்தவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அவர் மனதில் பழைய தேதியே இருக்கும், குரூப்பில் புதுத் தேதி இருக்கும். நாளைக்கு வாக்குவாதம் வந்தால் நீங்கள் சத்தமில்லாமல் மாற்றிவைத்தவர் ஆகிவிடுவீர்கள். அழித்தாலும் அதே கதைதான், செய்தி அழிக்கப்பட்டது என்ற தடயம் நிற்கும், என்னவோ மறைத்தார் என்று தோன்றும்.

பழைய செய்தியை வலப்பக்கம் இழுத்து, அதற்கே பதிலாகத் திருத்தத்தைப் போடுங்கள். பழையதும் புதியதும் ஒன்றாகத் தெரியும், யாராவது தேடி மேலே போனாலும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். பழைய செய்தியை யாராவது குரூப்பில் மேலே பின் செய்து வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லுங்கள்.

மெயில் என்றால் ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்க அதிகபட்சம் 30 நொடி, அதுவும் அமைப்பில் முன்பே அப்படி வைத்திருந்தால். அதற்குமேல் பழைய மெயிலுக்கே எல்லோருக்கும் பதில் போட்டு, தலைப்பின் முன்னால் "திருத்தம்: ஜன. 20, 19 அல்ல" என்று சேர்ப்பதுதான் வழி. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் விஷயம் சேர்ந்துவிடும்.

தானியங்கி பதில்

இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மனிதர்களிடம் சொல்லி முடித்த நிம்மதியில் படுத்துவிடுவோம், மெஷின் காலையில் எழுந்து பழைய பொய்யைச் சொல்லத் தொடங்கும். நான் திருத்தாமல் விட்டிருந்தால், திங்களன்று நாற்காலியில் உட்கார்ந்து மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "நான் இன்று விடுப்பில் இருக்கிறேன்" என்று என் பெயரில் பதில் போயிருக்கும்.

ஜிமெயிலில் கணினியில் `See all settings` திறந்து, `General` பகுதியில் கீழே போனால் `Vacation responder` இருக்கும். `First day`, `Last day` இரண்டையும் மாற்றுங்கள், அதோடு நிறுத்தாமல் உள்ளே எழுதிய வாசகத்திலும் தேதி இருக்கிறதா பாருங்கள். மேலே தேதியை மாற்றினால் உள்ளே இருக்கிற வாசகம் மாறாது. கடைசியில் `Save Changes`. முதல் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி, கடைசி நாள் இரவு 11.59-க்கு அது நிற்கும்.

லீவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே ஆள் திரும்பத் திரும்ப மெயில் போட்டாலும் ஜிமெயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தானாகப் பதில் சொல்லும். வாசகத்தையோ தலைப்பையோ நீங்கள் மாற்றினால் கணக்கு புதிதாகத் தொடங்கும், அவர் அடுத்து எழுதும்போது புதுப் பதில் போகும். ஆனால் அவர் அடுத்து எழுதினால்தான். தப்பான பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவருக்கு மெஷின் எதையும் சொல்லாது. அவர்கள் யார் என்று உள்பெட்டியில் பார்த்து, வேலை தொடர்பானவர்களுக்கு மட்டும் கையால் இரண்டு வரி எழுதுங்கள்.

கூகுள் காலண்டரில் விடுப்பு என்று குறித்து, வருகிற கூட்ட அழைப்புகளைத் தானாக மறுக்கும்படி வைத்திருந்தால், தேதியை நகர்த்திய பிறகு பழைய நாளில் மறுக்கப்பட்டவற்றை நீங்களே திரும்ப ஏற்க வேண்டும்.

பதிவேடு

திங்கள் காலை முதல் வேலை, 19-க்குக் கொடுத்த விண்ணப்பத்தை ரத்து செய்து 20-க்குப் புதிதாகக் கொடுத்ததுதான். பழைய தாளில் 19-ஐ 20 ஆக்குவது சுலபம், ஒரு கோடு இழுத்தால் போதும். செய்யாதீர்கள். கையெழுத்தான தாளில் தேதி திருத்தப்பட்டிருந்தால், அது யார் எப்போது செய்தது என்ற கேள்வி உங்களோடு முடியாது, கையெழுத்துப் போட்டவரையும் இழுக்கும். ஆன்லைனில் விண்ணப்பிக்கிற இடமென்றால் ரத்தும் புது விண்ணப்பமும் இரண்டுமே ஒப்புதல் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ரத்து மட்டும் விட்டுப்போனால் வேலை பார்த்த நாளுக்கும் லீவு கழியும். புதியது விட்டுப்போனால் லீவு எடுத்த நாள் சம்பளமில்லா நாளாகிவிடும். சம்பளம் போட்ட பிறகு இதைச் சரிசெய்வதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

தேதி இல்லாமல் காரணமே தப்பாக இருந்தால்

இது வேறு சமாச்சாரம். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் படைப்பில் எடுத்த போட்டோ பங்காளி ஒருவர் ஸ்டேட்டஸில் வந்துவிட்டால், அதைத் "திருத்தம்" என்ற பெயரில் போட முடியாது. அது நினைவுத் தப்போ கணக்குத் தப்போ இல்லை. குரூப்பில் எழுத வேண்டாம், லீவு கொடுத்தவரிடம் நேரில், அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லுங்கள்: "காய்ச்சல்னு சொன்னது உண்மையில்லை சார், வீட்டு விசேஷம். கேட்டா கிடைக்காதோன்னு அப்படிச் சொல்லிட்டேன்." மருத்துவ விடுப்பாகப் பதிவாகியிருந்தால் அதைச் சாதாரண விடுப்பாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கணக்கில் இருக்கிற பொய்யும் போனால்தான் சொன்னதில் அர்த்தம் இருக்கும். கொஞ்சம் பேர் கெடத்தான் செய்யும். அதைத் தவிர்க்க என்னிடம் வழி இல்லை.

உண்மையாகவே மாறிய காரணம் என்றால் பெரும்பாலும் திருத்தவே வேண்டியதில்லை. ஆயா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குப் போனால் ஆபீஸுக்கு என்ன? நீங்கள் இல்லாத நாள், கிடைக்கும் நேரம், பொறுப்பு யார் கையில் என்ற மூன்றில் ஒன்று மாறினால் மட்டும் திருத்துங்கள்.

சரியான தேதி இன்னும் தெரியவில்லை என்றால்

ஊரில் நாளை மாற்றுகிறார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பழைய தேதி தப்பு என்பது மட்டும் உறுதி. அப்போது ஊகித்துப் புதுத் தேதி போடாதீர்கள். "19 திங்கள் என்று சொன்ன லீவு மாறுகிறது. புதுத் தேதியை நாளை காலை 11 மணிக்குச் சொல்கிறேன். அதுவரை 19 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். 11 மணிக்கும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்பதை அந்த 11 மணிக்கே சொல்லுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன். டைல்ஸ் பார்ட்டி திங்கள் மாலை ஆறு மணிக்குத்தான் கணக்கு அனுப்பினார், நான் சொன்ன நாலு மணி தாண்டி இரண்டு மணி நேரம். இரவு தயார் செய்து அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். செவ்வாய் காலை பதினொன்றே காலுக்கு, பந்தி போட்டுக்கொண்டிருக்கும்போது, போன் அடித்தது. "ஓடிபி வந்துச்சு, கொடுத்துட்டாரு. ஏஆர்என் நம்பரை அனுப்பிட்டேன் பாரு" என்றார் அண்ணன். தாக்கல் ஆனதற்கு அடையாளமான அந்த நம்பரைப் புதன் காலை பார்ட்டிக்கு அனுப்பினேன், தானியங்கி பதில் நின்றுவிட்டதா என்று வேறொரு மெயிலிலிருந்து எனக்கே ஒன்று போட்டுப் பார்த்தேன், வருகைப் பதிவில் 19-ல் என் கையெழுத்தும் 20-ல் சிவப்பு மையில் விடுப்பும் இருப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.